இரண்டு கோல் பின்னால், பத்து நிமிடம் கையில்

இடைவேளை விசில் ஊதியபோது நாங்கள் 0-2 என்று பின்தங்கியிருந்தோம். தூத்தூர் பக்கத்துக் கடற்கரை மைதானம் ஒன்றில் மே மாத விடுமுறைத் தொடர். 17 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டம். ஒரு பாதிக்கு 35 நிமிடம். கால்பந்து விதிகள் இடைவேளைக்கு 15 நிமிடம் வரை இடம் கொடுக்கின்றன. ஆனால் வெளிச்சம் மங்குவதற்குள் இரண்டு ஆட்டங்களை முடித்தாக வேண்டும் என்பதால் அன்று கிடைத்தது பத்து நிமிடம்தான்.

பின்தங்கிய அணியிடம் அந்தப் பத்து நிமிடத்தில் என்ன பேசுவது? நான்கு வழிகளைப் பார்த்திருக்கிறேன், நான்கையும் வெவ்வேறு வருடங்களில் நானே செய்தும் இருக்கிறேன். சூடாகத் திட்டலாம். தட்டிக்கொடுத்து ஆறுதல் சொல்லலாம். பலகையை எடுத்து வைத்து எல்லாப் பிழைகளையும் விளக்கலாம். அல்லது நடந்ததை உள்ளபடி சொல்லி, இரண்டே இரண்டு வேலைகளைக் கையில் கொடுத்து அனுப்பலாம். இந்த நான்கையும் பொதுவாக ஒப்பிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் கிடைத்துவிடும். ஒரே ஆட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தால்தான் எது எங்கே உடைகிறது என்று தெரிகிறது. அதனால் அந்த ஆட்டத்தை முதலில் சொல்கிறேன்.

நாங்கள் நான்கு பேக், நான்கு ஹாஃப், இரண்டு ஃபார்வர்ட் என்று நின்றோம். எதிரணியில் ஆறாம் எண் சட்டை போட்ட பையன் ஒருவன் தன் பேக்குகளுக்கு முன்னால் நின்று பந்தை வாங்கினான். வாங்கியதும் திரும்புவான், தலையைத் தூக்கிப் பார்ப்பான், பிறகு நீளமாகப் போடுவான். அவசரமே இல்லை, ஏனென்றால் அவனை யாரும் நெருங்கவில்லை. எங்கள் ஃபார்வர்டுகள் இருவரும் அவனைத் தாண்டி நின்று அவர்களுடைய ஸ்டாப்பர்களைத் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

12-ஆவது நிமிடத்தில் எங்கள் இடது பக்கத்தில் த்ரோ கிடைத்தது. லெஃப்ட் பேக் ஏறிப் போய் எறிந்தான், லெஃப்ட் ஹாஃப் அவனுக்கும் முன்னால் நின்றான். பந்து பறிபோயிற்று. ஆறாம் எண்ணிடம் வந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தபோது எங்கள் இடது பக்கம் முழுவதும் வெறும் மணல். அந்த வெற்றிடத்தில் பந்து விழுந்தது, அவர்களுடைய ரைட் விங் ஓடி எடுத்து உள்ளே தள்ளினான், கோல். 27-ஆவது நிமிடத்தில் ஏறக்குறைய அதே கதை. இந்த முறை எங்கள் ஸ்டாப்பர் ஆபத்தை முன்பே கண்டு இடது பக்கம் ஓடினான். அவன் விட்டுப்போன நடுவில் அவர்களுடைய ஃபார்வர்ட் தனியாக நின்று அடித்தான்.

எங்கள் அணியில் கணுக்கால் பிசகி ஆட முடியாமல் இருந்த ஒரு பையனை ஓரத்தில் நோட்டோடு உட்கார வைத்திருந்தேன். அவனுக்கு இரண்டு கணக்குகள். ஆறாம் எண் எங்கள் கோலைப் பார்த்துத் திரும்பிய நிலையில் பந்தோடு நின்றது எத்தனை முறை? பந்தை இழக்கும்போது எங்கள் லெஃப்ட் பேக்கும் லெஃப்ட் ஹாஃபும் சேர்ந்து நடுக்கோட்டைத் தாண்டி நின்றது எத்தனை முறை? முதல் கணக்கைத் தொடக்கத்திலிருந்தே கேட்டிருந்தேன். இரண்டாவதை முதல் கோல் விழுந்த பிறகுதான் சேர்க்கச் சொன்னேன். இடைவேளையில் நோட்டில் 14 கோடுகளும் ஆறு கோடுகளும் இருந்தன.

திட்டுவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பின்தங்கியிருக்கும்போது வாய் தானாகப் போவது அங்கேதான். “கால் இருக்கிறதா உங்களுக்கு? ஊரே வந்து நிற்கிறது, இப்படியா ஆடுவது?” என்று நானும் ஒரு காலத்தில் கத்தியிருக்கிறேன். சில நாட்கள் அது பலித்தது. பலித்த நாட்களை நினைத்துப் பார்த்தால் அவை எல்லாமே பையன்கள் உண்மையிலேயே ஓடாமல் நின்ற நாட்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேரி ஸ்டா என்ற பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் பள்ளி, கல்லூரி கூடைப்பந்து அணிகளின் இடைவேளைப் பேச்சுகளைப் பதிவு செய்து ஆராய்ந்து 2019-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பயிற்சியாளரின் கடுமை ஓர் அளவு வரை இரண்டாம் பாதி ஆட்டத்தை உயர்த்தியது, அந்த அளவைத் தாண்டி வெறுப்பும் ஆத்திரமுமாக மாறியபோது ஆட்டம் சரிந்தது என்பது அவர்கள் கண்டது. என் அனுபவமும் அதையேதான் சொல்கிறது.

ஆனால் மே மாத ஆட்டத்தில் ஓடாதவர் யாரும் இல்லை. மைதானத்திலேயே அதிகம் ஓடியவன் எங்கள் லெஃப்ட் பேக்தான். மேலே போனான், திரும்பிக் கீழே விழுந்தடித்து வந்தான், மணலில் இரண்டு மடங்கு களைத்தான். அவனைப் பார்த்து “ஓடு” என்று கத்தினால் அவன் இன்னும் அதிகமாக ஏறுவான், ஓட்டை இன்னும் பெரிதாகும். கோபத்தில் எவ்வளவு உண்மை இருந்தாலும் எங்கே நிற்க வேண்டும் என்பது அதில் இருப்பதில்லை. இன்னொன்றும் நடக்கும். திட்டு வாங்கிய பேக் இரண்டாம் பாதியில் பந்து கேட்கமாட்டான். கோட்டை ஒட்டி ஒளிந்துகொள்வான், பந்து வந்தால் முதல் தொடுதலிலேயே வெளியே அடித்துவிடுவான். பாதுகாப்பாக ஆடுவதுபோலத் தெரியும். உண்மையில் நாம் பத்துப் பேரோடு ஆடிக்கொண்டிருப்போம்.

இங்கே எங்கள் ஊர்களின் விஷயம் ஒன்றையும் சேர்க்க வேண்டும். மைதானம் ஆலயத்தை ஒட்டியோ கடலை ஒட்டியோ இருக்கும். கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள் அயலார் அல்ல. தகப்பன், சித்தப்பன், தாய்மாமன், படகில் கூட வேலை செய்கிறவர். இடைவேளையில் அவர்கள் காதுபட ஒரு பையனின் பிழையைச் சொன்னால் அது ஆட்டத்தோடு முடியாது, இரவுச் சாப்பாடு வரை அவனோடு போகும். 2008 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தின் ஹல் சிட்டி அணி மான்செஸ்டர் சிட்டியிடம் 0-4 என்று பின்தங்கியிருந்தபோது, அதன் பயிற்சியாளர் ஃபில் பிரவுன் அணியை உடைமாற்றும் அறைக்குக் கூட்டிச் செல்லாமல் மைதானத்திலேயே, தங்கள் ரசிகர்களுக்கு முன்னால் உட்கார வைத்துப் பேசினார். ஆட்டம் 1-5 என்று முடிந்தது. இரண்டாம் பாதியை மட்டும் எடுத்தால் 1-1 என்பதும் உண்மைதான். ஆனாலும் இத்தனை வருடங்களுக்குப் பிறகு அந்த நாளில் எல்லோருக்கும் நினைவிருப்பது பயிற்சியாளர் விரலை நீட்டிய காட்சியே. அவர் சொன்ன திருத்தம் எதுவும் யாருக்கும் நினைவில்லை. அதனால் எந்த வழியில் பேசினாலும் முதலில் செய்ய வேண்டியது இடம் மாறுவது. நாங்கள் எதிர்ப்பக்கக் கோலுக்குப் பின்னால் இருந்த தென்னைகளுக்கு அடியில் போய் உட்கார்ந்தோம்.

ஆறுதல் வழியை விரைவாகக் கடக்கலாம். “பரவாயில்லை மக்களே, நன்றாகத்தான் ஆடுகிறீர்கள், கோல் வரும்” என்று சொன்னால் முகம் மலரும். ஆனால் 0-2 என்பது பையன்களுக்கும் தெரியும். எந்தப் பக்கத்தில் ஓட்டை என்பதும் அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். நான் அதைப் பார்க்கவில்லை என்று நினைப்பார்கள், அல்லது பார்த்தும் மறைக்கிறேன் என்று நினைப்பார்கள். இரண்டில் எதுவானாலும் அடுத்து நான் சொல்லும் நல்ல வார்த்தைக்கும் மதிப்பிருக்காது. எதிர்பாராத விதமாக விழுந்த கோல்களால் பின்தங்கியிருந்தால் மட்டும் இந்த வழி சரி. மாலை வெயில் கண்ணில் அடித்து கோல்கீப்பர் ஒரு பந்தை விட்டுவிட்டான், மற்றபடி ஆட்டம் நம் கையில்தான் இருக்கிறது என்றால் மாற்ற எதுவும் இல்லை. அப்போது அதையே சொல்லிவிட்டு ஓய்வெடுக்க விடலாம்.

பலகை வழிதான் என்னை அதிக காலம் ஏமாற்றியது. முதல் பாதியை நினைத்துப் பார்த்தால் அன்று குறைந்தது ஐந்து பிழைகள் இருந்தன. ஆறாம் எண் சுதந்திரமாக இருக்கிறான். இடது பக்கம் இருவரும் சேர்ந்து ஏறுகிறார்கள். கார்னரில் முன்கம்பத்தருகே ஆள் பிடிப்பதில்லை, அங்கிருந்து இரண்டு தடவை தலையால் முட்டவிட்டோம். கோல்கீப்பர் அடிக்கும் பந்து கடற்காற்றில் திரும்பி நடுவிலேயே விழுகிறது. ரைட் ஹாஃப் மணலில் இருவரை ஏமாற்றப் பார்த்துப் பந்தை இழக்கிறான். ஐந்துமே உண்மை, ஐந்துக்கும் என்னிடம் பதில் இருந்தது. பலகையில் காந்த வட்டுகளை நகர்த்தி நகர்த்தி விளக்கியிருந்தால் பயிற்சியாளனாக எனக்கு ஒரு நிறைவும் கிடைத்திருக்கும்.

ஆனால் கேட்கும் பக்கம் வேறு நிலையில் இருக்கிறது. 35 நிமிடம் ஓடி வந்த பையனுக்கு நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது, தாகம், மனதில் இரண்டு கோல். மனிதன் ஒரே நேரத்தில் மனதில் ஏந்தக்கூடிய புதிய செய்திகள் ஏறத்தாழ நான்கு என்று உளவியலாளர்கள் சொல்கிறார்கள். அது அமைதியான அறையில் உட்கார்ந்திருப்பவனுக்கான அளவு. பலகைப் பேச்சு முடிந்து மைதானத்துக்குத் திரும்பி நடக்கையில் ஒரு பையனின் தோளில் கைபோட்டு “என்ன சொன்னேன், சொல்” என்று கேட்டுப் பாருங்கள். நான் பல வருடம் கேட்டிருக்கிறேன். கடைசியாகச் சொன்னது ஒன்று வரும், தன்னைப் பற்றிச் சொன்னது ஒன்று வரும், மற்றவை வராது. அதாவது ஐந்து சொன்னாலும் இரண்டுதான் போய்ச் சேருகிறது. எந்த இரண்டு என்பதை நான் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாகத் தற்செயல் தேர்ந்தெடுக்கிறது.

பலகைக்கு ஆதரவாக எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆட்டம் 2005 மே 25 அன்று இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். லிவர்பூல் இடைவேளையில் ஏசி மிலானிடம் 0-3 என்று பின்தங்கியிருந்தது. பயிற்சியாளர் ரஃபேல் பெனிட்டஸ் அமைப்பையே மாற்றி, பின்னால் மூன்று பேராக்கினார். ஃபின்னனுக்குப் பதிலாக ஹமான் உள்ளே வந்தார். 54, 56, 60 ஆகிய நிமிடங்களில் ஜெரார்ட், ஸ்மிட்சர், அலோன்சோ என்று மூன்று கோல்கள். கடைசியில் பெனால்ட்டியில் வெற்றி. பெரிய மாற்றம் என்றே இதைச் சொல்வார்கள். நெருங்கிப் பார்த்தால் எனக்கு வேறு ஒன்று தெரிகிறது. முதல் பாதியில் மிலானின் ககா, லிவர்பூலின் ஹாஃபுகளுக்கும் பேக்குகளுக்கும் நடுவில் தனியாக நின்று திரும்பித் திரும்பித் தாக்கினார். ஹமான் அந்த இடத்தில் வந்து நின்றார். ஹமான் அங்கே இருந்ததால் ஜெரார்டால் துணிந்து முன்னால் போக முடிந்தது. ஓர் ஓட்டையை அடைத்தார்கள், ஓர் ஆளை விடுவித்தார்கள். பலகை அதற்குக் கருவியாக இருந்தது, அவ்வளவுதான். அந்த அறையிலும் குழப்பம் இல்லாமல் இல்லை. ட்ராவரே வெளியேறுகிறார் என்று முதலில் முடிவாகி, பிறகு ஃபின்னனின் காயம் தெரிந்ததால் ட்ராவரேயையே தொடர்ந்து ஆட வைத்தார்கள். உலகின் உச்சியில் இருந்த அணிக்கே 15 நிமிடத்தில் அவ்வளவுதான் முடிந்தது என்றால், எங்கள் பையன்களிடம் பத்து நிமிடத்தில் ஐந்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இனி நான்காவது வழி. அன்று நான் எடுத்தது இதுதான்.

முதல் மூன்று நிமிடம் நான் அவர்களிடம் எதுவும் பேசவில்லை. தண்ணீர் குடிக்கட்டும், மூச்சு இறங்கட்டும், ஒருவருக்கொருவர் முணுமுணுக்கட்டும். அந்த மூன்று நிமிடம் எனக்குத் தேர்ந்தெடுக்கும் நேரம். அந்த ஐந்து பிழைகளிடமும் இரண்டு கேள்விகள் கேட்டேன். இதனால் கோல் விழுந்ததா? நிற்கும் இடத்தை மாற்றினாலே இது சரியாகுமா? கார்னர் பிழையால் இன்னும் கோல் விழவில்லை, அதனால் தள்ளிவைத்தேன். அது ஆபத்தான பிழைதான், மனமில்லாமல்தான் தள்ளினேன். காற்றுப் பிரச்சினை பாதி தானாகவே தீரும், ஏனென்றால் இரண்டாம் பாதியில் பக்கம் மாறுகிறது. ரைட் ஹாஃப் பந்தைக் கடத்தும் விதம் கால் பழக்கம். பத்து நிமிடத்தில் பழக்கம் மாறாது, அது செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கு உரியது. மிஞ்சியது ஆறாம் எண்ணும் இடது பக்கமும். இரண்டும் இரண்டு கோலிலும் இருந்தன, இரண்டுக்கும் மருந்து நிற்கும் இடம்தான்.

மூச்சு இறங்கும் நேரத்தில் ஸ்டாப்பர் பக்கத்தில் குனிந்து “அங்கிருந்து உனக்கு என்ன தெரிகிறது?” என்று கேட்டேன். “ஆறாம் எண் நிமிரும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது மாஸ்டர்” என்றான். எனக்கு அது போதும். எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து ஒவ்வொருவராகக் கருத்துக் கேட்கும் வழக்கமும் சில அணிகளில் உண்டு. பெரியவர்கள் அணிக்கு அது பொருந்தலாம். இந்த வயதில் அது குற்றம் சாட்டும் பஞ்சாயத்தாக மாறிவிடுவதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அதனால் ஒருவனிடம் மட்டும், அதுவும் பின்னாலிருந்து முழு மைதானத்தையும் பார்க்கிறவனிடம் மட்டும் கேட்கிறேன்.

பிறகு பேசினேன். ஏறத்தாழ இப்படி:

“மக்களே, இரண்டு கோலும் நம் பிழையால் விழுந்தவை. ஆறாம் எண் பதினாலு முறை நிமிர்ந்து பார்த்துப் பந்து போட்டான், நாம் அவன் பக்கத்தில் போகவே இல்லை. இடது பக்கத்தில் ஆறு முறை இரண்டு பேரும் சேர்ந்து மேலே இருந்தோம். இருவரும் ஏறலாம் என்று வெள்ளிக்கிழமை சொன்னது நான்தான், அது என் பிழை. அவர்கள் வேறு எதையும் நமக்கு எதிராகக் கண்டுபிடிக்கவில்லை. இந்த இரண்டையும் அடைத்தால் அவர்கள் புதிதாகத் தேட வேண்டியிருக்கும்.”

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதில் மூன்று விஷயங்களை யோசித்துத்தான் வைத்திருந்தேன். பிழையை ஆளாகச் சொல்லாமல் செயலாகவும் எண்ணாகவும் சொன்னேன். “கவனமில்லை” என்றால் பையன் மறுக்கலாம், “ஆறு முறை” என்றால் மறுக்க எதுவுமில்லை. நோட்டை எழுதியதும் அவர்களில் ஒருவன்தான். அடுத்தது, என் பங்கை மறைக்கவில்லை. அது பணிவுக்காகச் சொன்னதல்ல, உண்மையே அதுதான். லெஃப்ட் பேக் நான் சொன்னபடிதான் ஆடினான். அதை அவன் தலையில் வைத்திருந்தால், அடுத்த முறை நான் சொல்வதைச் செய்ய அவன் தயங்குவான். மூன்றாவது, “நாம்” என்று சொன்னாலும் “இடது பக்கம்” என்பதை விழுங்கவில்லை. அந்த இருவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். பெயரை மறைத்து, பொதுவாக “தற்காப்பு சரியில்லை” என்று மழுப்பியிருந்தால், சொல்லப்படாத பழி அவர்கள் மேல் இன்னும் கனமாக உட்கார்ந்திருக்கும். ஒருமுறை சொல்லி, உடனே அதற்கான வேலையையும் கொடுத்துவிட்டால் அந்தப் பேச்சு அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

வேலை ஒன்று ஒன்பதாம் எண் ஃபார்வர்டுக்கு. “அவர்களுடைய பேக்கிடமோ கோல்கீப்பரிடமோ பந்து இருக்கும்போது, பந்துக்கும் ஆறாம் எண்ணுக்கும் நடுவில் நில். ஸ்டாப்பர்களைத் துரத்தாதே, அது பத்தாம் எண்ணின் பாடு. ஆறாம் எண் சுற்றி வந்து பந்தை வாங்கிவிட்டால் முதுகோடு ஒட்டிக்கொள், பறிக்கப் போகாதே, திரும்ப மட்டும் விடாதே.” வேலை இரண்டு இடது பக்கத்து இருவருக்கும். “ஒருவர் ஏறினால் ஒருவர் நிற்க வேண்டும். ஏறுகிறவன் ‘நான்’ என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அந்தச் சத்தம் கேட்டவன் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது.”

வேலை என்று எதைச் சொல்கிறேன் என்பதையும் விளக்க வேண்டும். யார், எப்போது, எங்கே என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் அது வேலை. ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் நோட்டில் கோடு போட்டு எண்ண முடிந்தால்தான் அது வேலை. “நெருக்கி ஆடுங்கள்”, “பேசி ஆடுங்கள்” என்பவற்றை யாராலும் எண்ண முடியாது. “நான்” என்ற ஒற்றைச் சொல் கேட்கிறதா இல்லையா என்பதை அலைச் சத்தத்துக்கு நடுவிலும் எண்ணலாம்.

ஏன் இரண்டு? ஒன்று போதாதா என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். ஒன்று மட்டும் கொடுத்தால் அணியின் ஒரு பகுதிக்குத்தான் வேலை இருக்கிறது, மற்றவர்கள் பழையபடியே ஆடுகிறார்கள். அந்த ஒன்று பலிக்கவில்லை என்றால் கையில் வேறு எதுவும் இல்லை. இங்கே ஒரு வேலை பந்து கிளம்பும் இடத்தைத் தடுக்கிறது, மற்றது அது வந்து விழும் இடத்தை அடைக்கிறது. ஒன்பதாம் எண் தோற்று பந்து கிளம்பிவிட்டாலும், இடது பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறான். ஒன்று முன்னால், ஒன்று பின்னால். ஒன்று உடைந்தால் இன்னொன்று தாங்கும். மூன்றாவதைச் சேர்த்திருந்தால் கார்னரைச் சேர்த்திருப்பேன், அது இந்த இரண்டோடு ஒட்டாத தனி விஷயம். ஒட்டாததைச் சேர்த்தால் மூன்றுமே தளர்ந்துவிடுகின்றன.

சொல்லி முடித்ததும் ஒன்பதாம் எண்ணையும் லெஃப்ட் ஹாஃபையும் தங்கள் வேலையை வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். ஒன்பதாம் எண் “ஆறாம் எண்ணைப் பிடிக்க வேண்டும்” என்றான். அது தவறு, பிடிப்பதல்ல, நடுவில் நிற்பது. திருத்தினேன். இந்த ஒரு நிமிடத்தை விட்டிருந்தால் அவன் ஆறாம் எண்ணுக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்திருப்பான், பந்து சேர்ந்துகொண்டே இருந்திருக்கும். திருப்பிச் சொல்லச் சொல்வது வகுப்பறைப் பழக்கம் மாதிரித் தோன்றும், ஆனால் நம் சொல் அவன் மனதில் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்க எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

மிச்சமிருந்த மூன்று நிமிடமும் எழுந்து மெதுவாக ஓட வைத்தேன். 2004-இல் மாக்னி மோர், யென்ஸ் பாங்ஸ்போ ஆகியோர் அடங்கிய டென்மார்க் ஆய்வாளர்கள், இடைவேளையில் உட்கார்ந்தே இருந்தவர்களுக்குத் தசையின் சூடு இறங்கி விரைவோட்டம் தளர்வதையும், இடையில் ஏழு நிமிடம் மிதமாக ஓடியவர்களுக்கு அப்படி ஆகாததையும் காட்டினார்கள். எங்களிடம் ஏழு நிமிடம் இல்லை. பேச்சு நீண்டால் முதலில் பலியாவது இந்த ஓட்டம்தான். பலகை வழியின் இன்னொரு செலவு அது. நடக்கும்போது லெஃப்ட் பேக் பக்கத்தில் போய், “நீ நிறைய ஓடினாய், இனி பாதி ஓடினால் போதும், சரியான நேரத்தில் ஓடு” என்று மட்டும் சொன்னேன்.

நடந்தது இது. இரண்டாம் பாதியில் ஆறாம் எண் நிமிர்ந்து நின்று பந்து போட்டது ஐந்து முறை. இடது பக்கம் இருவரும் சேர்ந்து ஏறியது ஒரு முறை, 61-ஆவது நிமிடத்தில். லெஃப்ட் ஹாஃப் “நான்” சொல்லாமலே போய்விட்டான். அவர்களுடைய ரைட் விங் அடித்த பந்து கம்பத்துக்கு மேலே போனதால் தப்பினோம். 52-ஆவது நிமிடத்தில் ஆறாம் எண்ணுக்குப் பந்து கொடுக்க வழியில்லாமல் அவர்களுடைய ஸ்டாப்பர் நேரே நீளமாக அடித்தான். எங்கள் ரைட் ஹாஃப் அதை மார்பில் வாங்கி பத்தாம் எண்ணுக்குத் தள்ள, 1-2 ஆயிற்று. 66-இல் ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அப்படியே முடிந்தது, தோற்றோம்.

தோற்ற ஆட்டத்தைக் காட்டி இந்த வழி நல்லது என்று சொல்வது சரியா என்று கேட்கலாம். கோல் எண்ணிக்கையை மட்டும் வைத்து இடைவேளைப் பேச்சை அளக்க நான் விரும்புவதில்லை. கம்பத்தில் பட்ட பந்து நான்கு விரற்கடை உள்ளே வந்திருந்தால் என் பேச்சு சிறந்ததாகிவிடாது. பதினாலு ஐந்தாயிற்று, ஆறு ஒன்றாயிற்று என்பதுதான் பேச்சு போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம். கோடுகள் குறையாமல் கோல் மட்டும் வந்திருந்தால் அதை அதிர்ஷ்டம் என்றுதான் எழுதிவைத்திருப்பேன்.

இந்த வழி உடையும் இடங்களும் உண்டு. பிழையைத் தவறாகக் கண்டுபிடித்தால் தெளிவான இரண்டு வேலைகளும் அணியைத் தெளிவாகத் தவறான இடத்துக்கே கொண்டுபோகும். குழப்பமான பேச்சைவிட இது மோசம், ஏனென்றால் எல்லோரும் ஒழுங்காக அதைச் செய்வார்கள். அதனால் இரண்டாம் பாதியில் பத்து நிமிடம் ஆனதும் நோட்டைப் பார்க்க வேண்டும். கோடுகள் குறைந்தும் ஆபத்து குறையவில்லை என்றால் நோய் வேறு. எதிரணியின் விங் நம் பேக்கைவிட வேகமானவன், அவ்வளவுதான் என்றால் அதற்குப் பேச்சு மருந்தல்ல, ஆள் மாற்ற வேண்டும். 0-5 என்று பின்தங்கியிருந்தால் வேலைகளை இரண்டாம் பாதியை மட்டும் வெல்வதற்காகத் தேர்ந்தெடுக்கிறேன். பழைய ஐந்து கோல்களைப் பற்றி ஒரே வாக்கியத்துக்கு மேல் சொல்வதில்லை. பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் இரண்டு வேலைகூட அதிகம், ஒன்று போதும், அதையும் பலகையில் காட்டாமல் மைதானத்தில் நிறுத்தியே காட்ட வேண்டும்.

அடுத்த தொடருக்கு நான் எடுத்திருக்கும் முடிவு இதுதான். மூன்று நிமிடம் அமைதி, ஒரு நிமிடம் நடந்தது, இரண்டு வேலை, திருப்பிச் சொல்வது, ஓட்டம். ஒரே ஒரு மாற்றம் செய்கிறேன். அன்று “நான்” என்று சத்தமிடும் வேலையை இருவருக்கும் பொதுவாகக் கொடுத்தேன், 61-ஆவது நிமிடத்தில் அது யாருடையதும் இல்லாமல் போயிற்று. இனி அதை லெஃப்ட் ஹாஃபிடம் மட்டும் கொடுக்கப் போகிறேன். பேக் எப்போது ஏறலாம் என்பதையும் அவன் சொல்லட்டும், தான் ஏறும்போதும் அவனே சொல்லட்டும். நோட்டில் மூன்றாவது ஒரு வரிசையும் போடச் சொல்லியிருக்கிறேன்: அந்தச் சத்தம் கேட்டது எத்தனை முறை.